சாமையில கலந்த நொய்

ஓசூர்ல அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டா போய் சிறுதானியம் பத்திப் பேசுறவ நான். முன்னாடி போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல சமையல் பார்த்தேன். அங்கே கூட வேலை செஞ்ச திருநெல்வேலிக்காரிதான் பேச்சுக்கும் எனக்குத் துணை. நான் பேசுவேன், அவ வீட்டுலேயே சாமை சாம்பார் சாதம் ஆக்கி ஒரு பெரிய டிபன் கேரியர்ல கொண்டு வருவா. கிளப் ஹவுஸ்ல அடுப்பு வைக்க விடமாட்டாங்க, அதனால இந்த ஏற்பாடு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மேடைன்னு ஒண்ணும் கிடையாது, பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்துதான் பேசுவேன். ஆனா உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன். சாமை சாப்பிட்டா சுகர் ஓடிப்போயிடாதுங்க, மாத்திரையை நிறுத்திடாதீங்க, அதையும் அளவா சாப்பிட்டாத்தான் பிரயோஜனம்பேன். விலையையும் மறைக்க மாட்டேன். ராகி இன்னமும் நம்ம பக்கம் அரிசியை விட மலிவுதான். சாமையும் வரகும் அப்படி இல்லை, பொன்னி அரிசியைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தோல் எடுக்கத் தனி மெஷின், அதுல உடைஞ்சு வீணாகிறது வேற. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரு வேளைக்குப் பதினஞ்சு இருபது ரூபாய் கூட ஆகும். வாரத்துக்கு மூணு வேளைன்னா மாசத்துக்கு இருநூறு சொச்சம். அதுக்கு மேல பளபளன்னு பாக்கெட் வாங்கினா அது உங்க தலையெழுத்துன்னு சொல்லிச் சிரிப்பேன்.

வழியும் சொல்லுவேன். எடுத்த எடுப்புல முழுச் சாதத்தையும் மாத்தாதீங்க, வீட்டுல கலவரம் வரும். இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி போடுறதுல ஒரு டம்ளரை எடுத்துட்டுச் சாமை போடுங்க, புருஷனுக்கே தெரியாது. சப்பாத்தி மாவுல ஒரு பிடி ராகி மாவு. வரகுல உப்புமா, கேரட் பீன்ஸ் தாராளமா போட்டு. சாமைச் சாதம்னா பட்டை தீட்டாத, பழுப்பா இருக்கிறதா வாங்கி, ஒரு மணி நேரம் ஊறவெச்சு, ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி. உதிரியா, லேசா நறநறன்னுதான் இருக்கும். ஆறினா இறுகிடும், சூடாவே சாப்பிடுங்க. பழக ரெண்டு மூணு வாரம் ஆகும், பொறுமையா இருங்கம்பேன்.

பேசி முடிச்சதும் அவ பரிமாறுவா. அந்த நேரத்துலதான் என்னைச் சுத்திப் பத்துப் பேர் நின்னு சந்தேகம் கேப்பாங்க. நான் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே கேரியர் காலியாகிடும். வந்தவங்க சாப்பிடட்டும், பேசினவ கடைசியில பார்த்துக்கலாம்கிறது எங்க கேன்டீன் பழக்கம். காலிப் பாத்திரத்தைப் பார்த்துப் பெருமையா ஆட்டோ ஏறுவேன், ஒரு நாளும் அதுல ஒரு வாய் நான் தின்னதில்லை.

பாகலூர் ரோட்டுல ஒரு அபார்ட்மெண்ட்ல பேசினப்போ ஒரு பொண்ணு என் நம்பரை வாங்கிட்டுப் போச்சு. கன்னடக்கார வீடு, தமிழ் தண்ணியா பேசும். வீட்டுக்காரருக்குப் புதுசா சுகர் கண்டுபிடிச்சிருக்காங்க. ஷிப்டு வேலை, கேன்டீன் சோறு, டாக்டர் வெள்ளைச் சோத்தைக் குறைக்கச் சொல்லிட்டார். அவருக்கு முத்தே, அதான் ராகிக் களி, ஆகவே ஆகாது, சோறு மாதிரி ஏதாவது இருந்தாத்தான் இறங்கும்னு சொல்லுச்சு. அன்னைக்கு எங்க சாமைச் சாதத்தை வாயில போட்டதும் அது முகம் மலர்ந்ததைப் பார்க்கணும். இது போதும்க்கா, இதை அவர் சாப்பிட்டுடுவார்னு சொல்லிட்டு அன்னைக்கே ரெண்டு கிலோ வாங்கிடுச்சாம்.

மூணு வாரம் கழிச்சு போன் வந்தது. வர்றதே இல்லைக்கா, எத்தனை தடவை ஆக்கினாலும் நீங்க குடுத்த மாதிரி வர்றதே இல்லை, வீட்டுல யாரும் தொட மாட்டேங்கிறாங்கன்னு சொல்லுது. நேராவே போனேன். அது சமையலறையில நின்னு, அது வாங்கின சாமையையே ஊறவெச்சு, நானே ஆக்கினேன். உதிரி உதிரியா, நான் சொன்ன மாதிரியே வந்தது. மாமியார்க்காரி ஒரு ஸ்பூன் வாயில வெச்சுட்டு மருமகளைப் பார்த்து, இதுவும் அதேதான்கிற மாதிரி சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட மெதுவா, "இது இல்லைக்கா அன்னைக்குக் குடுத்தது. அது குழைவா இருந்துச்சு. ஏதோ பக்குவம் இருக்கு, நீங்க சொல்ல மாட்டேங்கிறீங்க"ன்னுச்சு.

சுருக்குன்னு தைச்சது எனக்கு. நானா மறைக்கிறவ? இருக்கிறதை இருக்கிறபடி கொட்டுற வாய்டி இதுன்னு மனசுக்குள்ளே பொருமிக்கிட்டே நேரா திருநெல்வேலிக்காரி வீட்டுக்குப் போனேன். அந்தச் சாதத்துல நீ என்ன பக்குவம் பண்றேன்னு கேட்டேன். அவ வெங்காயம் உரிச்சிட்டிருந்தா. தலையைக் கூட நிமிர்த்தலை.

"பாதிக்குப் பாதி பச்சரிசி நொய் போடுவேன்க்கா. வெறும் சாமைன்னா எப்படி இறங்கும்? ஒரு வாய் தின்னுட்டு வெச்சுட்டுப் போயிருவாக."

எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். மொத தடவையிலேர்ந்தேன்னா. அரிசி நொய்யும் சாமையும் பார்க்க ஒரே அளவு. சாம்பார் ஊத்தி மஞ்சளா கிளறிட்டா எது எதுன்னு எவனுக்குத் தெரியும்? எனக்கே தெரியலையே. அங்கே உட்கார்ந்து நான் பழக மூணு வாரம் ஆகும், நறநறன்னு இருக்கும்னு தொண்டை கிழியக் கத்துறேன். இவ பக்கத்துல நின்னு சிரிச்ச முகமா பச்சரிசிச் சோத்தைப் பரிமாறுறா. சுகர்காரங்க தட்டுலயும்தான்.

கேன்டீன்ல ஒரே டம்ளர்ல டீயைப் பாதி பாதி குடிச்சவங்க நாங்க. எங்க வீட்டுச் சாவி அவகிட்ட ஒண்ணு இருக்கும். வேற யாராவது செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். இவளை எப்படித் திட்டுறது? அவளோ, பாத்திரம் காலியானாத்தானக்கா அடுத்த அபார்ட்மெண்ட்டுல கூப்பிடுவாக, உங்க பேருக்காகத்தான் செஞ்சேன்னு எனக்கே உபகாரம் பண்ணின மாதிரி பேசுறா. அதுதான் எனக்குத் தாங்கலை. என் பேரைக் கெடுத்துட்டு என் பேருக்காகவாம். இனிமே நீ எனக்கு ஆக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகிட்டேதான் நடந்தேன்.

மறுநாள் காலையில அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன். போன்ல சொல்ற விஷயமா இது? வாசல்லயே நின்னு, அன்னைக்கு நீ சாப்பிட்டதுல பாதி பச்சரிசி நொய்ம்மா, எனக்குத் தெரியாம நடந்துபோச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னேன்.

அது கேட்டுச்சு, "அப்போ நான் ஆக்கினது சரிதானா?"

சரிதாம்மான்னேன்.

மூணு வாரமா அந்த வீட்டுல சோறாக்கத் தெரியாதவன்னு பேர் வாங்கியிருக்கு அது. மிச்சம் இருந்த சாமையை நேத்து நான் போனதும் மேல் வீட்டு லவ் பேர்ட்ஸுக்குக் குடுத்துட்டாங்களாம். ராத்திரியிலேர்ந்து மறுபடியும் பொன்னி அரிசிதானாம், அவரும் நிம்மதியா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம்.

நான் வேற ஒரு கிலோ வாங்கித் தரேன், கூட இருந்து நானே பழக்கி விடுறேன், உங்க மாமியார்கிட்டயும் நானே சொல்றேன்னேன். அது கதவைப் பாதி சாத்திக்கிட்டு, மரியாதை குறையாம சொல்லுச்சு.

"வேண்டாம்க்கா. மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, அதாச்சும் நிஜம்தானே?"