ஒப்பந்தம் தராத அறை

அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அறை பார்க்கப் போனேன். வீட்டுக்காரி ஒரு மன்னார் அக்கா. பல வருஷம் வீட்டு வேலை செய்து அந்த வீட்டை வாங்கியிருந்தா. அறையில் கட்டிலும் யன்னலும் இருந்தன. எனக்கு அது போதும்.

"வாடகை எவ்வளவு அக்கா?"

"இருநூறு யூரோ. கரண்ட், தண்ணி வேறை. முற்பணம் ரெண்டு மாசம்."

"போகேக்கை திருப்பித் தருவியளோ?"

"ஒண்டையும் உடைக்காட்டில் தருவன். ஒரு மாசம் முந்திச் சொல்லவேணும். ஆக்களைத் தங்க விடக்கூடாது. மீன் பொரிக்கக்கூடாது, மேல்வீட்டு வெள்ளைக்கார சிஞ்ஞோரா கத்துவா."

"நீங்கள் பொரிக்கிறேல்லையோ?"

"நான் யன்னலைச் சாத்திப்போட்டுப் பொரிப்பன்."

"சரி, மீன் வேண்டாம். ஒப்பந்தம் எழுதிப் பதிஞ்சு தருவியளோ?"

"எங்கடை ஆக்களுக்குள்ளை அது என்னத்துக்கு தம்பி? பதிஞ்சால் எனக்கு வரி."

என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடியப் போகிறது. அதைப் புதுப்பிக்க, எங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

"அப்ப வாடகையைக் கூட்டுங்கோ, பதிஞ்சு தாங்கோ."

"ஏலாது. மற்ற அறைப் பெடியள் பேப்பர் கேளாமல் இருக்கினம்."

"அவையள் இருக்கட்டும். பேப்பர் இல்லாட்டில் முற்பணமும் இல்லை."

"இந்த விலைக்கு வேறை எங்கை எடுப்பாய்?"

"கிடைக்காதுதான். அதுக்காக இஞ்சை ஒளிச்சு இருக்கவும் மாட்டன்."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அதன்பிறகு ஒரேத்தோப் பகுதியில் ஒரு சிநேகிதன் வீட்டுத் தரையில் படுத்தபடி, ஒப்பந்தம் தரும் அறையைத் தேடிக்கொண்டிருந்தேன். முதுகு நொந்தது. அந்த அறையை விட்டதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை.