பட்டியலக்காவின் மூன்றாவது வரி

தேர்வு அலுவலகத்தில் அவருக்குப் பட்டியலக்கா என்று பெயர். கணக்குத் தாளுக்கு விடைக்குறிப்பு தயாரிப்பது அவர் வேலை. சூத்திரம் தெரியாதவர் இல்லை, நம்பாதவர். நூறு வரை எண்ண வேண்டிய கேள்வி வந்தால் நூறையும் எழுதிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர், கல்யாணத்துக்கு முன் தன்னைப் பற்றியும் ஒரு பட்டியல் போட்டிருப்பாள், அதில் தான் எப்படித் தேறினோம் என்பதுதான் புரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு விடைகூடத் தப்பியதில்லை. தலைமைச் சரிபார்ப்பாளர் நாற்காலி காலியானபோது, அது பட்டியலக்காவுக்குத்தான் என்று காபி கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். எதிர்மேசைக்காரருக்கும் அந்த நாற்காலிமேல் ஒரு கண் உண்டு. ஆனால் அவர் கணக்கில் இரண்டு தப்பு இருந்தது, பாவம். அக்காவுக்கும் ஆசைதான், ஏன் மறைக்க வேண்டும்? ஜன்னல் ஓர அறை, தனி மின்விசிறி. மனசுக்குள் அங்கே ஒரு பூந்தொட்டிகூட வைத்துவிட்டார்.

நாற்காலி முடிவாக இரண்டு நாள் இருக்கும்போது அந்த ஆட்சேபம் வந்தது. தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டால், தேர்வு எழுதியவர்கள் யார் வேண்டுமானாலும் மறுத்து எழுதலாம். விடை போட்டவரே அதைப் படித்து, ஏற்பு அல்லது நிராகரிப்பு என்று முத்திரை குத்துவார். நிராகரித்ததை மேலே யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

முப்பத்தோராவது கேள்வி அது. 0, 1 என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் முந்தைய இரண்டைக் கூட்டி, ஏழால் வகுத்து, மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போனால், எத்தனை எண்களுக்கு ஒரு முறை வரிசை முதலிலிருந்து திரும்பும்? அக்கா போட்ட விடை 8. ஆட்சேபத்தில் ஒரே வரி இருந்தது: “எட்டு எண் முடிந்ததும் 0 வருகிறது, ஆனால் அதற்குப் பிறகு 1 வரவில்லையே.”

அக்கா அதை இரண்டு தரம் படித்தார். பழைய நோட்டை இழுத்தார். வரிக்கு எட்டுக் கட்டம் கோடு போட்டு எழுதுவது அவர் வழக்கம்.

0, 1, 1, 2, 3, 5, 1, 6

எட்டும் நிறைந்து, இரண்டாம் வரி முதல் கட்டத்தில் 0 விழுந்திருந்தது. மேலே 0, கீழே 0. நேர்க்கோட்டில் நின்றதும் சுற்று முடிந்தது என்று பேனாவை மூடியிருக்கிறார். பக்கத்தில் காபி டம்ளர் வைத்த வட்டம் வேறு. திரும்பி வர வேண்டியது ஒற்றைப் பூஜ்யம் இல்லை, 0, 1 என்ற ஜோடி. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதானே எழுதியிருக்கிறது ஒரு பிள்ளை!

விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

0, 6, 6, 5, 4, 2, 6, 1

அடுத்து 0, அதற்கடுத்து 1. ஆக, பதினாறு. பூஜ்யக் கட்டத்தை விட்டுவிட்டு, மேல்வரியையும் கீழ்வரியையும் கட்டத்துக்குக் கட்டம் கூட்டினால் ஏழு ஏழாக வந்தது. இவ்வளவு லட்சணமான வரிசையைப் பாதியில் வெட்டிவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நிராகரிப்பு முத்திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு குத்து. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். எடுக்கவும் எடுத்தார், பொய் சொல்வானேன். மையில்கூடத் தொட்டார். அப்புறம் அதை வைத்துவிட்டு நோட்டோடு அதிகாரி அறைக்குப் போனார்.

அதிகாரி இரண்டு வரியையும் விரல் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நாளைக்கு மறுநாள் முடிவுன்னு தெரியும்ல? இத யாரும் பாத்திருக்க மாட்டாங்களேம்மா.”

“ஒருத்தர் பாத்துட்டாங்களே சார்.”

நாற்காலி எதிர்மேசைக்காரருக்குப் போனது. இரண்டு தப்பு என்றாலும் அவருடையவை பழையவை, அக்காவுடையது சுடச்சுட. அக்காவுக்கு வருத்தம்தான். கழிவறையில் முகம் கழுவும் சாக்கில் கொஞ்சம் அழுதார். வீட்டில் சொன்னபோது கணவர் கிண்டல் செய்யவில்லை, காபி போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் அழுகையை வரவழைத்தது.

மறுநாள் அந்தப் பிள்ளைக்கான பதிலில் ஏற்பு முத்திரை குத்தினார். விதிப்படி அவ்வளவு போதும். ஆனால் கை நிற்கவில்லை. கீழே எட்டுக் கட்டமாகக் கோடு போட்டு, இரண்டு வரியையும் நிரப்பினார். மூன்றாவது வரியில் 0, 1 என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடினார்.