எஞ்சின் நின்றதற்கான காரணம்

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மீன்பிடி போட்டின் டிரைவர் முதலாளியிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். அடுத்த தடவை பார்க்கலாம் என்பதே மூன்று முறையும் பதில்.

கரையிலிருந்து பதினெட்டு மைலில், வலை கடலடியில் கிடக்கும்போது, போட்டின் பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் வருவது நின்றது. சூட்டுமானியின் முள் சிவப்புக்குப் போனது. எஞ்சினை அணைத்தால் வலையை இழுக்கும் வின்ச் ஓடாது, வலையை அறுத்துவிட வேண்டியதுதான். முதலாளியின் வலை ஆயிற்றே என்று டிரைவர் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டினார். வலை மேலே வந்தது. எஞ்சின் இறுகி நின்றது.

வயர்லெஸ்ஸில் முதலாளிக்கும் மீன்வள அலுவலகத்துக்கும் இடத்தைச் சொன்னார், பம்ப் போய்விட்டதையும் சொன்னார். மாலையில் வேறொரு போட் கயிறு கட்டி இழுத்து வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கயிற்றில் கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மீன்வள அலுவலக வராந்தாவில் முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"பம்ப் தேஞ்சு போச்சுன்னு எழுதினா, பராமரிப்பு சரியில்லைன்னு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். ஆள் கவனிக்கலைன்னா கொடுப்பான். சூட்டைப் பார்க்க மறந்துட்டேன்னு எழுதிக் கொடு. நம்ம போட்தானே."

டிரைவர் போட்டில் வேலை செய்யும் மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். நான்கு பேர் சுவரில் ஒட்டியிருந்த புயல் எச்சரிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வின்ச்காரன் மட்டும் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, போட் ஓடலைன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. நீங்க பெரிய மனசு பண்ணணும்."

உள்ளே ஆய்வாளர் வயர்லெஸ் பதிவேட்டைப் புரட்டினார். பேனாவை ஒரு வரியில் வைத்து நிமிர்ந்தார்.

"நேத்து பம்ப் போச்சுன்னு சொன்னீங்களே?"

இப்போது ஆமாம் என்று சொன்னால் போதும் என்று டிரைவருக்குத் தெரிந்தது. கதவருகே ஐந்து பேரின் நிழல் விழுந்திருந்தது.

"பதட்டத்துல சொன்னது சார். நான்தான் முள்ளைக் கவனிக்கலை."

கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. முதலாளி தன் பேனாவைக் கொடுத்தார்.

ஆறு வாரத்தில் எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டது. பம்பும் புதிது. விடியற்காலை டிரைவர் சாப்பாட்டுத் தூக்குடன் போனபோது போட்டின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் நின்றார். வின்ச்காரன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை.

முதலாளி தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிப்போனார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"தப்பா நினைக்காதே. கவனக்குறைவுன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கே. அப்படி ஒரு ஆளை மறுபடியும் வெச்சா இன்சூரன்ஸ்காரன் என்னை என்ன கேப்பான்?"