பராகுவே கேட்ட தனி வாக்கெடுப்பு

யுடெல்கா ரெய்னோசோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் மாஸியெல் தவாரெஸைத் தவிர்க்க முடியாது. சந்தியாகோ நகரின் லோஸ் பெபினெஸ் பகுதியில் இருவருக்கும் ஒரே தெரு. பால்பல் முதலில் விழுந்தது மாஸியெலுக்கு. சைக்கிள் முதலில் வந்ததும் அவளுக்கே. பதினேழாவது வயதில், மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. சபைக்கு நாடுகளைக் குலுக்கிப் போட்டபோது, இணையத்திலேயே வாக்களிக்கும் எஸ்தோனியா மாஸியெலின் மடியில் விழுந்தது. விவாதம் இணையப் பாதுகாப்பையும் தேர்தலையும் பற்றியது. யுடெல்காவுக்குக் கிடைத்தது பராகுவே.

சிறந்த பிரதிநிதிக்குத் தலைநகரில் நடக்கும் தேசிய சபையில் ஓர் இடம் உண்டு. ஒரே ஓர் இடம். உலக அமைதி அதற்கடுத்ததுதான் என்பதில் யுடெல்காவுக்கு ஐயமில்லை.

மாஸியெலின் தீர்மான வரைவில் குறை காண்பது கடினமாக இருந்தது. இணையத் தாக்குதல் நடந்தால் எந்நேரமும் தொடர்புகொள்ள ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அலுவலகம். வாக்காளர் பட்டியலுக்குக் காகித நகல். வாக்கு முடிவை அனுப்பும் கணினிகளைத் தேர்தலுக்கு முன்பே சோதிப்பது. எல்லாம் 'வலியுறுத்துகிறது', 'ஊக்குவிக்கிறது' என்றே இருந்தன. பொதுச்சபையால் யாருக்கும் கட்டளையிட முடியாது என்பதைக்கூட அவள் மறக்கவில்லை. ஆறாம் பிரிவில்தான் யுடெல்காவுக்கு விடிந்தது. தேர்தல் காலப் பொய்ச்செய்தியை அரசுகள் ஒரே நாளில் நீக்க வேண்டுமாம். எது பொய் என்று யார் சொல்வது? தேர்தலில் நிற்கிற அதே அரசா?

அந்த அதிகாரத்தைச் சுதந்திரமான தேர்தல் ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மாற்றும் திருத்தத்தை எழுதினாள். நல்ல திருத்தம். பொறாமை சில நேரம் நன்றாகவே படிக்கும்.

விதிப்படி ஏழு கையெழுத்து போதும். இடைவேளையில் பஸ்தெலித்தோ தின்றுகொண்டிருந்தவர்களிடம் அவள் பதினெட்டு வாங்கினாள்.

"படிச்சுப் பாக்கலையாடா?" என்று ஜமைக்காவின் பிரதிநிதி வாண்டரிடம் கேட்டாள்.

"ஆறாம் பிரிவைக் கவுக்கணும், அவ்வளவுதானே? காலைல இருந்து அதையேதானே சொல்லிட்டிருக்க. இதுல படிக்க என்ன இருக்கு, மானா?" 'மானா' என்றால் அங்கே சகோதரி.

மாஸியெல் எதிர்ப்பாள், விவாதம் வரும், மூன்று நிமிடம் மேடை கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தலைவர் ஆர்ஹெனிஸ், சட்டம் படிக்கும் கல்லூரி மாணவர், முன்மொழிந்த நாடுகளைக் கேட்டார்: "இதை நட்புத் திருத்தமா ஏத்துக்கிறீங்களா?"

மாஸியெல் அதை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். "எஸ்தோனியா மகிழ்ச்சியோட ஏத்துக்குது." கூட முன்மொழிந்த கானாவும் உருகுவேயும் தலையாட்டின. எல்லா முன்மொழிவாளரும் ஏற்றால் விவாதமில்லை, வாக்கில்லை, மேடையில்லை. யுடெல்காவின் பிரிவு மாஸியெலின் காகிதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அங்கேயே பிறந்ததுபோல.

"நல்லா எழுதியிருக்கடி," என்று வேறு சொன்னாள் மாஸியெல்.

அடுத்த ஒரு மணி நேரம் பராகுவே உலக நிலவரம் எதையும் கவனிக்கவில்லை. விதிப்புத்தகத்தில் ஒரு வழி இருந்தது: விவாதம் முடிந்ததும், ஒரு பிரிவை மட்டும் பிரித்துத் தனியாக வாக்கெடுக்கக் கோரலாம். கோருகிறவருக்கு ஒரு நிமிடம் பேச்சு. ஆறாம் பிரிவு தனியே நின்று வென்றால், அது யாருடையது என்று அவையே பார்க்கும்.

கதவுகள் மூடப்பட்டன. வாக்கெடுப்பு முடியும்வரை துண்டுச்சீட்டு அனுப்பக் கூடாது, வெளியே போகக் கூடாது. யுடெல்கா எழுந்தாள். அவையில் 'நான்' என்று சொல்லக் கூடாது என்பதால் பராகுவே பேசியது.

"ஆறாம் பிரிவு மத்தப் பிரிவுகளைப் போல இல்லைன்னு பராகுவே கருதுது. அதுங்களோட சேர்த்து இதை விழுங்க வைக்கக் கூடாது. இதைத் தனியா நிறுத்தி, எல்லாரும் நல்லா..."

சுத்தியல் விழுந்தது. அந்த ஒரு நிமிடத்தில் பாதியை அவள் தொண்டையைச் செருமியே செலவழித்திருந்தாள்.

பிரிப்பதை எதிர்த்து மாஸியெல் பேசினாள். "இந்தப் பிரிவு இல்லேன்னா மிச்சத் தீர்மானம் பூட்டில்லாத வீடு. பராகுவே எழுதினதுலயே உருப்படியானது இதுதான். தயவுசெஞ்சு பிரிக்காதீங்க."

பிரிக்கும் கோரிக்கை வென்றது. பிறகு ஆறாம் பிரிவு வாக்குக்கு வந்தது. ஆதரவுக்குப் பதினான்கு அட்டைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று யுடெல்காவுடையது. எதிர்ப்புக்குப் பதினெட்டு. கையெழுத்துப் போட்ட அதே பதினெட்டுப் பேர்; காலையில் அவள் சொன்னதற்குப் பிறகு அவர்கள் எதையும் காதில் வாங்கவில்லை. அட்டையைத் தூக்கியபடியே வாண்டர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். துண்டுச்சீட்டுக்குத் தடை என்பதால் அவளால் அவனை முறைக்க மட்டுமே முடிந்தது. அவனோ அதை நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

ஆறாம் பிரிவு இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது.

சிறந்த பிரதிநிதியின் பெயரை அறிவிக்கும்போது ஆர்ஹெனிஸ் காரணத்தையும் வாசித்தார்: "அடுத்தவர் எழுதின பிரிவைக்கூடக் கடைசிவரைக்கும் காத்து நின்றதற்காக, எஸ்தோனியா."

மாஸியெல் மேடைக்குப் போகிற வழியில் குனிந்தாள். "பாவம்டி உன் பிரிவு. எனக்கே அழுகை வந்துடுச்சு."

யுடெல்காவுக்கு அழுகை வரவில்லை. அதிலும் மாஸியெல் முந்திக்கொண்டாளே என்றுதான் இருந்தது. யாரும் எதுவும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். கடைசியில் தலைவர், பராகுவே தயவுசெய்து அமரலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.