பிரசவத்துக்கு அனுமதி இல்லை

தலவாக்கலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக வேலைக்குச் சேர்ந்தபோது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு சின்ன குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் என்னை மருத்துவம்மா என்பார்கள். அவர்களில் பலரைவிட நான் வயதில் சின்னவள். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அட்டனில் தங்கிப் படித்த தம்பிக்குச் செலவுக்கு அனுப்புவது என் பொறுப்பாக இருந்தது.

டவுனில் நான் வழக்கமாகப் போகும் ஜவுளிக்கடைக்கு ஒரு மருமகள் வந்திருந்தாள். அவளைத் திருச்சிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. குளிருக்குப் பயந்து எப்போதும் இரண்டு சேலைகளைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரிலிருந்து வந்த பிறகு தன்னிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசியவள் நான் ஒருத்திதான் என்று அவளே ஒரு நாள் சொன்னாள். முதல் பிரசவத்தில், ஆஸ்பத்திரியில், அவளுடைய குழந்தை இறந்துபோயிருந்தது. இரண்டாவது முறை உண்டானபோது அவள் மாமியார் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னு ஒரே அழுகை. நீங்க வந்து பாத்துக்கிட்டா வீட்டுலேயே பெத்துக்கிறேங்கிறா. மாசாமாசம் வந்து பாருங்க, பிரசவத்தையும் நீங்களே கவனிங்க. உங்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் குறைவில்லாமக் கொடுப்போம்.”

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஆசைதான். பணம் தேவையாக இருந்தது, அவளையும் பிடித்திருந்தது. ஆனாலும் பயிற்சிக் காலத்தில் எங்கள் மேட்ரன் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. வெளியில் ஒரு வேலையை ஒத்துக்கொள்ளும் முன்னால் நீ யாரிடம் சம்பளம் வாங்குகிறாயோ அவர்களுடைய கடிதத்தை எடுத்துப் படி என்பார்.

“என் வேலைக் கடிதத்தைப் பாத்துட்டுச் சொல்றேம்மா” என்றேன். மாமியார் முகம் கொஞ்சம் சுருங்கியது.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தது. வாசிக்கத் தெரியும், ஆனால் அந்த நீளமான வாக்கியங்களின் அர்த்தம் பிடிபடவில்லை. ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தேன். தோட்டத்து ஸ்டாப் எல்லாருக்கும் இப்படிக் கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பவர் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டித் தமிழில் சொன்னார்.

“உங்க நேரம் முழுக்கத் தோட்டத்துக்குன்னு இருக்கு. தொரை எழுத்துல அனுமதி கொடுக்காம வேற வேலையோ தொழிலோ செய்யக்கூடாது. காசு வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. இன்னொன்னு, லீவு இல்லாம தோட்டத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது.”

“ஞாயித்துக்கெழமையில போய்ட்டு வந்தா?”

“கிளாக்கருக்கு ஞாயித்துக்கெழமை உண்டும்மா. உங்களுக்கு எந்த நேரம் கூப்பிட்டாலும் வரணும்னு போட்டிருக்கு. உங்க உத்தியோகத்துல ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இல்ல.”

“என்கிட்ட மருத்துவச்சின்னு பதிவு இருக்குங்களே. எங்க வேணும்னாலும் பிரசவம் பார்க்கலாம்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க.”

“அது சர்க்கார் உங்களுக்குக் கொடுத்த உரிமை. இது நீங்க தோட்டத்துக்குக் கொடுத்த வாக்கு. அங்க சரின்னாலும் இங்க கேக்காமப் போனா நோட்டீசு கொடுத்துருவாங்க. வேலை போனா குவாட்டர்சும் போயிரும்.” கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டா தப்பில்ல. கேக்காமப் போனாத்தான் தப்பு. எழுதிக் கொடுங்க, நான் தொரைகிட்ட வைக்கிறேன்.”

எந்த வீடு, என்ன வேலை, எப்போது, கூலி உண்டா இல்லையா என்று எதையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்று அவரே சொல்லி எழுதவைத்தார். அப்படி எழுதினால் பிறகு யாரும் மாற்றிப் பேசமுடியாது, அதுதான் நல்லது என்றார்.

சில நாட்களில் தோட்டத்தை நடத்தும் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர். தோட்டத் தமிழ் அவருக்குச் சரளமாக வரும், ஆனால் மரியாதை விகுதி கிடையாது.

“நீ டவுன்ல புள்ள எடுக்கப் போன நேரம் நம்ம லயத்துல ஒருத்திக்கு வலி வந்தா யாரு பாக்கிறது?”

அவரே தொடர்ந்தார்.

“அவ செத்தா எங்கிட்ட கேப்பாங்க. ஒன்கிட்ட இல்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மாதம் மட்டும் லயத்தில் எத்தனை பேர் மாசமாக இருந்தார்கள் என்று எனக்குத்தானே தெரியும். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது, அதனால் வாதாட வரவில்லை.

எழுத்தில் கிடைத்த அனுமதி இதுதான். எனக்கு ஓய்வான அரைநாளில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவரலாம். அதற்குக் கூலி வாங்கிக்கொள்ளலாம். போகும்போது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். பிரசவத்துக்கு அனுமதி இல்லை.

இதை நான் ஜவுளிக்கடை வீட்டில் அப்படியே சொன்னேன். மாமியார், மகன், மருமகள் மூன்று பேரும் இருந்தார்கள்.

“மாசாமாசம் வர்றேன். பிரசவத்துக்கு என்னால வரமுடியாது. இப்பவே நுவரெலியா ஆஸ்பத்திரியில பேரைப் பதிஞ்சிருங்க.”

மகன் சரி என்று தலையாட்டினார். மாமியார் சிரித்தார். “பார்ப்போம், நேரம் வந்தா நீங்க விட்டுட்டு இருந்துருவீங்களா.”

“இல்லைங்கம்மா, நிஜமாவே முடியாது” என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மாதாமாதம் போனேன். முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். எட்டாம் மாதம் போனபோது கால் வீங்கியிருந்தது. குளிருக்கு அப்படித்தான் என்றார் மாமியார். ஆனால் விரலில் மோதிரமும் இறுகிப்போயிருந்தது, இமைகள் தடித்திருந்தன. தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, சில சமயம் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறமாதிரி தெரிகிறது என்றாள். அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். காடித் திராவகம் ஒரு சொட்டு விட்டும் தெளியவில்லை, முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு நின்றது. அப்படித் திரண்டால் இழுப்பு வரக்கூடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வேணாம், இன்னைக்கே. இது இப்படியே முத்தினா ஜன்னி கண்டுரும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து.”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். “நீங்க கூட வர்றதுன்னா போறேன்க்கா.”

மாமியார் என்னைத் தனியே கூடத்துக்கு அழைத்துப் போனார். “கூடக் கொடுக்கணும்னா நேராக் கேளுங்களேன். பயமுறுத்தாதீங்க.”

“அம்மா, நான் பிரசவம் பார்க்க வந்தாலும் இதை வீட்டுல வச்சு ஒண்ணும் செய்யமுடியாது. இதுக்கு டாக்டர் வேணும். ஆஸ்பத்திரி வேணும்.”

கடையில் வியாபாரமாக இருந்த மகனிடமும் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவளுக்குத் துணையாகப் போய் ஆஸ்பத்திரியில் விட்டுவர லீவு கேட்கலாம் என்று நினைத்தேன். தோட்டத்துக்குத் திரும்பியதும் நேரே ஆபீசுக்குப் போனேன். துரை கொழும்புக்குப் போயிருந்தார். அவருக்கு உதவியாக இருந்த சின்னத்துரை இரக்கமாகத்தான் கேட்டார், ஆனால் பெரிய துரை எழுதிக்கொடுத்ததைத் தன்னால் மாற்றமுடியாது, அவர் மறுநாள் வந்துவிடுவார் என்றார். அதற்குள் லயத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு வலி கண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் மழை. நான் இன்னும் அந்த லயத்து அறையில்தான் இருந்தேன். குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்த நேரம், வாசலில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை நனைந்துகொண்டு வந்து நின்றார்.

“சின்னம்மாவுக்கு வலி வந்து இழுப்பு மாதிரி வருதுங்க. காரு கீழ ரோட்டுல நிக்குது. உங்களைக் கையோட கூட்டிட்டு வரச்சொன்னாங்க.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?”

“நேத்து சின்னம்மா வரமாட்டேன்னுட்டாங்க. பெரியம்மாவும், நேரம் வந்தா மருத்துவம்மா வந்துருவாங்கன்னாங்க.”

வீட்டிலிருந்த ஒரே காரை எனக்காக மலைமேல் அனுப்பியிருந்தார்கள். என் கை ஒரு பெண்ணின்மேல் இருந்தது. “நான் வரமுடியாது. ஓடிப்போய் அந்தக் காருல அவளை ஏத்துங்க. பல்லுக்கு நடுவுல துணியைச் சுருட்டி வைங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போங்க” என்றேன். அவர் ஓடினார். அரை மணி நேரத்தில் இங்கே ஆண்குழந்தை பிறந்தது. அந்த லயமே சந்தோஷப்பட்டது. நான் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து மழையில் நின்றேன்.

அவள் ஆஸ்பத்திரிப் படியேறும் முன்பே, நானு ஓயாவைத் தாண்டி எங்கோ, காரிலேயே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அடுத்த நாள் டவுனுக்குப் பால் வாங்கப் போனவன் கடை பூட்டியிருப்பதாக வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

டவுனில் என்னைப் பற்றிப் பேசினார்கள். சட்டம் பேசிக்கொண்டு நின்றவள் என்று. நான் அந்தத் தெருவில் போவதை விட்டுவிட்டேன். தேயிலைக்குப் போகும் பெண்கள் மட்டும், பெத்துக்கிட்டிருக்கிறவளை விட்டுட்டு மருத்துவம்மா எப்படிப் போவாங்க என்று எனக்காகப் பேசினார்கள். இரண்டும் எனக்கு ஆறுதலாக இல்லை.

சில வாரம் கழித்து நான் பெரிய கிளாக்கரிடம் போய்க் கேட்டேன். உயிருக்கு ஆபத்தென்றால் வெளியாளுக்கு உதவலாமா என்று கடிதத்தில் எங்காவது இருக்கிறதா? அவர் மறுபடி முழுதும் படித்தார். இல்லை என்றார். அப்படியானால் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அவரும் ஸ்டாப் சங்கத்துக்காரர்களும் கேட்டார்கள். துரை யோசித்து எழுதிக்கொடுத்தார்: உயிராபத்து நேரத்தில், தோட்டத்தில் பிரசவம் நடக்காதபோது, கூலி வாங்காமல் போகலாம், திரும்பியதும் தெரிவிக்கவேண்டும். அந்த வரி முன்னமே இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் போயிருக்கமுடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். வெளியில் கூலிக்கு நான் பிறகு வேலை பார்க்கவும் இல்லை, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போகும் முன் அவள் புருஷன் ஒரு நாள் குவாட்டர்சுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அந்தச் சட்டம் இல்லாம இருந்தா வந்திருப்பீங்களா?”

“கூப்பிட்டப்பெல்லாம் வந்திருப்பேன். ஆனா வந்திருந்தாலும் அவளை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்” என்றேன்.

என்னைக் குறைசொல்லத்தான் வந்தாரோ என்னவோ, அது அவர் முகத்தில் இல்லை.

“கடைசியா நீங்க வந்தப்ப நான் கடையில இருந்துட்டேன். உள்ள அவ என்ன பேசினா?”

தலைவலியைப் பற்றியும் அழுகையைப் பற்றியும் அவருக்கு முன்னமே தெரியும். அதற்கு முன்னால் அவள் பேசியதைச் சொன்னேன். மார்கழியில் ஊரில் அவள் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலில் போகலாமா, தலை நிற்காத பிள்ளைக்குக் கடல்காற்று ஆகுமா என்று கேட்டாள் என்றேன்.

“என்ன சொன்னீங்க?”

“துணியைச் சுத்தி நெஞ்சோட வச்சுக்கிட்டா ஆகும்னு சொன்னேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.