பர்கண்டி வேண்டாம்

மலைமேல் செம்மேட்டில் இருக்கும் என் பார்லருக்கு வருகிறவர்கள் தலைக்குக் கறுப்புச் சாயம்தான் கேட்பார்கள். சேலத்து மொத்த வியாபாரியோ, பெட்டிக் கணக்கில் எடுத்தால் தள்ளுபடி என்று சொல்லி, ஒவ்வொரு பெட்டியிலும் கால்வாசி பர்கண்டியைச் சேர்த்துவிடுவார். அந்தச் சிவப்பைக் கேட்க மலையில் ஆளே கிடையாது. காலாவதியாகுமுன் தீர்க்க வேண்டுமே என்று எரிச்சலோடு நானே பூசிக்கொண்டேன்.

போன மாதம் பொறுமை போய்விட்டது. மலையில் பார்லர் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறி அவர் கடைக்கே போனேன். மூவருக்குமாகச் சேர்த்து எழுதிய இருபது பெட்டி ஆர்டரை அவர்முன் வைத்தேன்.

"இருபதும் கறுப்புங்க. தள்ளுபடி குறையக் கூடாது. காலாவதிக்கு ஒன்றரை வருசமாச்சும் இருக்கோணும். வளைவுல குலுங்கி ஒழுகுனா மாத்தித் தரோணும்."

"கலந்து எடுத்தாத்தானுங்க மேடம் தள்ளுபடி. பர்கண்டி ஒண்ணுகூடத் திரும்பி வரலையே, நல்லா ஓடுதுன்னுல்ல நெனச்சேன்!"

பஸ் காற்றுக்காகக் கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்தேன். மற்ற இருவரும் அவிழ்த்தார்கள். மூன்று தலையும் செக்கச்செவேல்.

"ஓடுனதெல்லாம் இங்கதானுங்க இருக்குது. முடியாதுன்னா சொல்லிப்போடுங்க, நாமக்கல்லுல வாங்கிக்கறோம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவர் கம்பெனிக்காரரிடம் போனில் பேசினார். பிறகு நான் சொன்ன எல்லாவற்றையும் ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சரக்கு மலையேறி வந்ததும் முதல் டப்பாவை என் தலைக்குத்தான் உடைத்தேன்.