உடன் வருபவர்

கையெழுத்துப் போடுவதற்கு முன், கடிதத்தோடு அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் நின்று, காலி மேடையைப் பார்த்து உரக்க வாசிப்பார் லேப் சார். "இங்கேருந்து படிச்சா அங்க போய்ச் சேரணும் தம்பி. இல்லைன்னா தபால்லயும் போய்ச் சேராது."

அவர் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். எல்லோருக்கும் ‘லேப் சார்’. விரல் நுனிகளில் வெள்ளி உப்பின் கறுப்புக் கறை எந்நேரமும் இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் பிறகு திரைப்படச் சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர். நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. ஊரில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் போஸ்ட்மேன்தான் படித்துக் காட்ட வேண்டும். லேப் சார் என்னைக் கடிதம் எழுத வைத்தார்.

அழைப்புக் கடிதத்தில் அவருக்குச் சமரசம் கிடையாது. முதல் பத்தியில் படத்தின் பெயர், திரையிடும் நாள், நேரம், இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். அடுத்ததில், தயாரிப்பாளரிடம் வாங்கிய அனுமதி: டிக்கெட் இல்லை, ஒரே காட்சி. பிறகு எந்தப் பிரதி, வசனம் எழுத்தாகத் திரையில் வருமா, முந்தின நாள் ஒத்திகை எத்தனை மணிக்கு. ஐந்து நிமிட அறிமுகம், இடைவேளை இல்லாமல் படம், நாற்பத்தைந்து நிமிடக் கலந்துரையாடல். கேள்விகளை யார் தொகுப்பது, ஒலிவாங்கி யார் கையில். ரயில், தங்குமிடம், இன்ன தேதிக்குள் பதில். "'தங்கள் மேலான வருகை'ன்னெல்லாம் போடாதே. பெரிய மனுஷங்க அதைப் பாத்தவுடனே குப்பைத் தொட்டிய தேடுவாங்க."

ஏழு வருடமாக ஒரே இயக்குநருக்கு எழுதினார். ஒரே படம் எடுத்துவிட்டு ஒதுங்கிய மனிதர். பதில் வந்ததேயில்லை.

ஏன் அவரையே என்று ஒருநாள் கேட்டேன். ஒத்திகைத் திரையில் அந்த இயக்குநரின் படம் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ஜன்னல்காரிய பாரு" என்றார். எட்டு விநாடிதான். ஒரு பெண் ஜன்னல் கதவை மூடுகிறாள். "எங்க அக்கா. படப்பிடிப்பு எங்க தெருவுக்கு வந்தப்ப நிக்க வெச்சாங்க. மறுநாள் வண்டி கிளம்புச்சு. அவளும் இல்லை. எனக்குப் பதினாலு, அவளுக்கு இருபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் ஆச்சு."

"கடிதத்துலயே கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டா வர மாட்டாரு. மேடையில, இருநூறு பேருக்கு முன்னால கேட்டா எந்திரிச்சுப் போக முடியாது." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் கொஞ்சம் மெதுவா மூடற மாதிரி இருக்கு. உனக்கு அப்படித் தோணலையா?" எனக்குத் தோன்றியது.

சின்ன வயதில் வீட்டில் அக்காவோடு அவருக்கு இருந்த ஒரே சண்டை மின்விசிறிக்காகத்தான். அவளுக்கு நேர்க்காற்று பட்டால் தலை பிளக்கும், இவருக்கு வியர்க்கும். "நான் போட, அவ நிறுத்த, அம்மா ரெண்டு பேரையும் திட்ட."

இந்த வருடம் பதில் வந்தது. கடிதத்தோடு நாங்கள் எப்போதும் இணைக்கும் படிவம்தான். ரயில் டிக்கெட்டுக்கும் வாயில் அனுமதிச் சீட்டுக்கும் விவரம் வேண்டுமே. நீல மையில், பொறுமையான எழுத்து. வருகிறேன் என்று இயக்குநரின் கையெழுத்து. ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர். லேப் சார் அதன்மேல் கறைபட்ட விரலை வைத்தார். அக்காவின் பெயர். நான் நிமிர்ந்தேன், அவர் முகம் மலர்ந்திருந்தது. விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. வயது: இருபத்திரண்டு.

முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அந்தப் பழைய வயசையே ஞாபகத்துல எழுதியிருப்பார் சார். இல்லைன்னா அவங்க பொண்ணா இருக்கும், அம்மா பேரையே வெச்சிருப்பாங்க" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "அப்போ இதையும் படி."

கடைசிக் கட்டம், ‘வேறு தேவைகள்’. அங்கே இப்படி இருந்தது: ‘உடன் வருபவருக்கு நேர்க்காற்று ஆகாது. மேடையில் அவர் இருக்கைக்கு மேல் மின்விசிறி ஓட வேண்டாம்.’

அனுமதிச் சீட்டைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். வயதுக் கட்டத்தில் விரல் நின்றது. "என்ன போட சார்?"

"எழுதியிருக்கறதை அடி. நாம கேட்டோம், அவங்க சொல்லியிருக்காங்க."

ஒத்திகை நாள் மதியம் அரங்கில் வெயில் மேடைப் பலகைகளில் கோடு போட்டிருந்தது. இயக்குநருக்கு ஒன்று, கேள்வி கேட்பவருக்கு ஒன்று என்றுதான் எப்போதும் இரண்டு நாற்காலி. லேப் சார் மூன்றாவதைத் தானே தூக்கி வந்தார். கைக்குட்டையால் துடைத்தார், முதுகை, கைப்பிடியை, கால்களைக்கூட. அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சுப் பலகைக்குப் போய் அதை அணைத்தார். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, தளர்ந்து, நிற்கும்வரை நெற்றி வியர்வையைத் துடைக்காமல் நின்றார். பிறகு யாரும் போட்டுவிடாதபடி அந்தச் சுவிட்சின் மேல் நாடாவை ஒட்டி, கறுத்த விரலால் அழுத்தித் தேய்த்தார்.